ஸ்கூப்புக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

மாலை ஆறு மணிக்கு மேல் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "ப்ரோ, கிரியேட்டின் எடுக்கறீங்களா? இல்லையா? அப்புறம் எப்படி ஸ்ட்ரென்த் வரும்? டெய்லி ஒரு ஸ்கூப், அஞ்சு கிராம். தண்ணி நிறைய குடிங்க. அவ்ளோதான்." போலீஸ் வேலைக்கு உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகும் 22 வயதுப் பையனுக்கும் இதே ஸ்கூப்தான். பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் 42 வயது வங்கி அலுவலருக்கும் இதே ஸ்கூப்தான். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டே உடம்பைக் குறைக்க வந்திருக்கும் பெண்ணிடமும், "மேடம், லேடீஸும் எடுக்கலாம், சேஃப்தான்" என்று அதே டப்பா நீட்டப்படுகிறது.

ஜிம்மில் சேரும் நாளில் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், கை, இடுப்பு எல்லாம் டேப் வைத்து அளக்கிறார்கள். பிபி இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்ததா என்று கேட்பவர் அபூர்வம். டப்பா விற்றால் கமிஷன் கிடைக்கும் இடங்களில் கேட்காமல் இருப்பதற்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் கமிஷன் மேல் போட முடியாது. நல்ல எண்ணத்தோடு சொல்கிற ட்ரெய்னர்களும் கேட்பதில்லை. இது பாதுகாப்பானது என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். படித்ததும் தவறில்லை. யாருக்குப் பாதுகாப்பானது என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கிரியேட்டினுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். இது ஸ்டீராய்டு அல்ல, ஹார்மோனும் அல்ல. 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள். நம் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் தயாரித்துக்கொள்கின்றன. ஆட்டுக்கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. உடம்பில் உள்ள கிரியேட்டினில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தசைக்குள் இருக்கிறது. கனமான எடையைத் தூக்கும் அந்த முதல் பத்து விநாடிகளில் தசைக்கு வேண்டிய சக்தியை உடனுக்குடன் மீட்டுக் கொடுப்பது இதன் வேலை. பவுடராக எடுத்துக்கொண்டால் தசையில் சேமிப்பு கூடுகிறது. எட்டு முறை தூக்கியவர் ஒன்பது, பத்து முறை தூக்குவார். மாதக்கணக்கில் அப்படித் தூக்கினால் தசையும் வலுவும் கூடும். சைவ உணவுக்காரர்களுக்குச் சேமிப்பு குறைவு என்பதால் பலன் பெரும்பாலும் கூடுதலாகவே தெரிகிறது. விளையாட்டு வீரர்களுக்கான தடைப் பட்டியலிலும் இது இல்லை. ஜிம் கடைகளில் அடுக்கியிருக்கும் நூறு டப்பாக்களில் உண்மையாகவே வேலை செய்கிற சிலவற்றில் இது ஒன்று.

அப்படியானால் என்ன பிரச்சினை? தசையில் இருக்கும் கிரியேட்டினில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் தினமும் தானாகவே சிதைந்து கிரியாட்டினின் என்ற கழிவாக மாறுகிறது. அது ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க லேபில் அளப்பதும் இதே கிரியாட்டினினைத்தான். "கிட்னியில் உப்பு ஏறிவிட்டது" என்று ஊரில் சொல்கிறார்களே, பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது இந்த எண்தான். ஆக, நாம் விழுங்கும் பவுடரும் டாக்டர் பார்க்கும் பரிசோதனையும் ஒரே பாதையில் வருகின்றன. பவுடரை ஆரம்பித்த பிறகு ரிப்போர்ட்டில் எண் கூடினால், கழிவு அதிகம் உற்பத்தியானதால் கூடியதா, சிறுநீரகம் வெளியேற்றாததால் கூடியதா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

அந்த 42 வயது வங்கி அலுவலரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ட்ரெய்னர் சொன்னபடி முதல் வாரம் "லோடிங்" என்று நாளைக்கு 20 கிராம், பிறகு தினமும் 5 கிராம். இரண்டு மாதம் கழித்து அலுவலகத்தில் உடல் பரிசோதனை முகாம். முந்தின நாள் மாலை கால் தசைகளுக்குக் கடுமையான பயிற்சி, இரவு மட்டன் பிரியாணி. ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணையும் லேப் போட்டிருக்கிறது: 59. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

ட்ரெய்னரிடம் காட்டினால் உடனே பதில் வரும்: "சார், அது கிரியேட்டினாலதான். எல்லாருக்கும் ஏறும். பயப்படாதீங்க." டாக்டரிடம் காட்டினால், "பவுடர் எடுப்பதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா?" என்பார். இல்லை. சர்க்கரைக்கு மட்டும் அவ்வப்போது பார்த்தவர், சிறுநீரகத்துக்குப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்றே நினைவில்லை.

இங்கே இரண்டு விதமான தவறு நடக்கலாம். ஒன்று, நல்ல சிறுநீரகத்தைக் கெட்டுவிட்டதாக நினைத்துப் பயப்படுவது. கிரியேட்டின் மட்டும் எடுத்தால் கிரியாட்டினின் சராசரியாகக் கொஞ்சம்தான் கூடும். ஆனால் அதோடு கூடிய தசை, முந்தின நாள் பயிற்சி, இரவு சாப்பிட்ட கறி, போதாத தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 1.2 இருந்தவருக்கு 1.5 வருவது பெரிய அதிசயமில்லை. 1.2 என்றால் இதே வயதில் இஜிஎஃப்ஆர் 77. இரண்டாவது தவறு இதைவிட மோசமானது. சர்க்கரையால் உண்மையிலேயே சேதமாகிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை, "பவுடரால்தான்" என்று சொல்லி மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடுவது. ஜிம்மில் உலவும் "கிரியேட்டின் எடுத்தால் ஏறத்தான் செய்யும்" என்ற ஆறுதல் பாதி உண்மை. அதனால்தான் அது இவ்வளவு எளிதாக நம்பப்படுகிறது.

முன் ரிப்போர்ட் இல்லாத நிலையில் டாக்டர் செய்வது பொதுவாக இதுதான். பவுடரை நிறுத்தச் சொல்வார். இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சி வேண்டாம், முந்தின இரவு கறி வேண்டாம் என்பார். கூடவே சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையை எழுதலாம். அது தசை அளவையோ கிரியேட்டின் பவுடரையோ சார்ந்ததல்ல. எனவே குழப்பத்தைத் தீர்க்க உதவும். எல்லாச் சிறிய லேபிலும் கிடைக்காது, கிரியாட்டினினைவிட விலையும் அதிகம். அதோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பார். கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக அல்புமின் இருந்தால் சரி. தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன்.

நம் வங்கி அலுவலருக்கு ஒரு மாதம் கழித்துக் கிரியாட்டினின் 1.2, சிஸ்டாட்டின் கணக்கும் நன்றாக இருக்கிறது, அல்புமின் 8 என்று வந்தால் அது பொய் எச்சரிக்கை. கிரியாட்டினின் 1.5-இலேயே நின்று, அல்புமின் 240 என்று வந்தால் கதை வேறு. பவுடர் அந்த நோயைக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. அது ஏற்கனவே அங்கே இருந்திருக்கும். ஜிம்மில் சேர்ந்த அன்றே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எடுத்திருந்தால் அது தெரிந்திருக்கும், சர்க்கரைக்கும் பிபிக்கும் மருந்தைச் சரிசெய்ய அந்த இரண்டு மாதம் கையில் இருந்திருக்கும். இது எங்கோ ஒருவருக்கு நேரும் கதையும் அல்ல. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டரே ஜிம்முக்கு அனுப்பிவைக்கும் கூட்டமும் அதில்தான் இருக்கிறது.

சிறுநீரக நோய் உள்ளவர் கிரியேட்டின் எடுத்த கதை மருத்துவ உலகத்துக்கு ரொம்பப் பழக்கமானது. 1998-இல் லான்செட் இதழில் மருத்துவர்கள் ஒரு 25 வயது இளைஞரைப் பற்றி எழுதினார்கள். அவருக்குப் பல வருடங்களாக ஒரு வகைச் சிறுநீரக நோய் இருந்தது. சிக்ளோஸ்போரின் மருந்தில் நிலையாக இருந்தவர். விளையாட்டுக்காகக் கிரியேட்டின் ஆரம்பித்தார். பரிசோதனையில் சிறுநீரக வேலைத்திறன் மளமளவென்று இறங்கியது. பவுடரை நிறுத்திய பிறகு மீண்டது. உண்மையான சேதமா, எண் மட்டும் கூடியதா என்று அப்போதே வாதம் எழுந்தது. ஒரே ஒரு நோயாளியின் கதையை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பதும் சரிதான். அதன்பிறகு ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றில், வழக்கமான அளவில் சிறுநீரகச் சேதம் தென்படவில்லை.

ஆனால் அந்த ஆய்வுகளை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். ஆட்களைச் சேர்க்கும்போதே உடல்நல வரலாறு கேட்டார்கள். சிறுநீரக நோய் இருப்பவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஸ்கூப் கொடுத்தார்கள். "கிரியேட்டின் சேஃப்" என்ற வாக்கியத்தை ட்ரெய்னர் கடன் வாங்குவது அங்கிருந்துதான். வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது பிறக்கக் காரணமான கேள்விகளை விட்டுவிடுவதுதான் என் குற்றச்சாட்டு.

என்னென்ன கேட்க வேண்டும்? முதலில் சிறுநீரகம். ஒரே சிறுநீரகத்தோடு பிறந்தவரா, ஒன்றைத் தானம் செய்தவரா, சின்ன வயதில் முகம் வீங்கிச் சிறுநீரில் புரதம் போகிறது என்று சிகிச்சை எடுத்தவரா, சிறுநீர் நெடுநாளாக நுரைத்துப் போகிறதா, அப்பா அம்மா உடன்பிறந்தவர்களில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்ததா என்றெல்லாம் கேட்க வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் நோய் பரம்பரையாக வருவது; முப்பது வயதுவரை எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கலாம். சிறுநீரகக் கல் வந்தவர்களும் சொல்ல வேண்டும். கிரியேட்டின் கல்லை உண்டாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் கல்லால் ஏற்கனவே அடைப்பு ஏற்பட்டுச் சிறுநீரகம் பாதித்திருக்கிறதா என்பது தெரிய வேண்டும்.

அடுத்தது சர்க்கரையும் பிபியும். "எனக்கு எதுவும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, பார்க்காமல் சொல்கிறாரா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். லட்சக்கணக்கில் மெஷின் வாங்கிப் போடுகிற ஜிம்மில் ஒரு பிபி கருவி வாங்கி வைப்பது பெரிய செலவில்லை.

மூன்றாவதாக மருந்துகள். இதில்தான் ஜிம்முக்கே உரிய ஆபத்து இருக்கிறது. கால் பயிற்சிக்கு மறுநாள் நடக்க முடியவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. வியர்த்துக் கொட்டி நீர்ச்சத்து குறைந்த உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத ஜிம்மில் இது இன்னும் மோசம். என் கணிப்பில், தசை வளர்க்கும் பையன்களின் சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினைவிட இந்த வலி மாத்திரைதான் பெரிய எதிரி. அதைப் பற்றி ஜிம்மில் ஒருவரும் பேசுவதில்லை. பிபிக்கு எடுக்கும் நீர் மாத்திரை, மனநலத்துக்கு எடுக்கும் லித்தியம், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எடுக்கும் மருந்துகள், அளவும் சேர்மானமும் தெரியாமல் வாங்கிச் சாப்பிடும் பஸ்பங்கள், இவற்றில் எது இருந்தாலும் டப்பாவை வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேட்கக் கூச்சப்படும் கேள்வி ஒன்றும் இருக்கிறது. இருமுனை மனநோய், அதாவது உற்சாகம் கட்டுமீறுவதும் சோர்வில் விழுவதும் மாறி மாறி வரும் நோய் உள்ள ஓரிருவர், ஆய்வின்போது கிரியேட்டின் எடுத்து மிகை உற்சாக நிலைக்குத் தள்ளப்பட்டது பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கை மிகச் சிறியதுதான். ஆனாலும் அந்த நோய் உள்ளவர் தம் மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கும், 18 வயது நிரம்பாதவர்களுக்கும் பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆய்வு இல்லை. பிளஸ் டூ மாணவனுக்கு ஸ்கூப்பைவிட முட்டையும் சுண்டலும் நல்ல தூக்கமும் போதும்.

உலகம் முழுக்க ஜிம்களில் சேரும்போது நிரப்பும் ஒரு படிவம் உண்டு. 1970-களில் கனடாவில் உருவானது, ஏழே கேள்விகள். நம் ஊரிலும் சில பெரிய ஜிம்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூட்டு, பிபி மருந்து என்று கேட்கும் அந்தப் பழைய படிவத்தில் சிறுநீரகம் பற்றித் தனிக் கேள்வியே இல்லை. அது உடற்பயிற்சி செய்யலாமா என்று பார்ப்பதற்கான தாள். அதில் கையெழுத்துப் போட்டவருக்குப் பவுடரும் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்வது தவறு.

கேள்விகளுக்கெல்லாம் "இல்லை" என்று பதில் வந்தாலும், பரிசோதனையை விடக்கூடாது. ரத்தத்தில் கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீரில் அல்புமின், அது இல்லாவிட்டால் சாதாரண யூரின் டெஸ்ட்டாவது, கையில் பிபி. இவ்வளவுதான். தனியார் லேபில் இதற்குப் பெரிய செலவில்லை. டப்பாவின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ரத்தம் கொடுக்கும் நாளைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும். முந்தைய இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சி இருக்கக்கூடாது, முந்தின இரவு கறி கூடாது, தண்ணீர் வழக்கம்போல் குடித்திருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்தான் உங்கள் சொந்த அடிக்கோடு. லேப் அச்சிட்டிருக்கும் "நார்மல்" எல்லையைவிட அது முக்கியம். 0.8 இருந்தவருக்கு 1.2 ஆவதை லேப் நார்மல் என்றே அச்சிடலாம். உங்களுக்கு அது நார்மலா என்பதைப் பழைய தாள்தான் சொல்லும்.

எல்லாம் சரியாக இருந்தால் தினமும் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும். லோடிங் தேவையில்லை. அது தசையைச் சீக்கிரம் நிரப்பும், அவ்வளவுதான். வயிற்றுப்போக்கும் உப்புசமும் வருவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ எடை கூடினால் அது பெரும்பாலும் தண்ணீர். எடை குறைக்க வந்தவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாததால் பாதிப் பேர் மனமொடிந்து போகிறார்கள். டப்பாவில் ஒரே ஒரு பொருள் எழுதியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். "ப்ரீ ஒர்க்-அவுட்" என்ற பெயரில் பத்துப் பொருளைக் கலந்து விற்பது வேறு விவகாரம், அதற்கு இந்தக் கட்டுரையின் உத்தரவாதம் எதுவும் பொருந்தாது.

ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை மறுபடி பரிசோதித்துப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், இன்சூரன்ஸ் பரிசோதனைக்குப் போனாலும், கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். சில மருந்துகளின் அளவை டாக்டர் இஜிஎஃப்ஆர் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். நீங்கள் மறைத்தால் அவர் கணக்கு தப்பும். காலோ முகமோ வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ட்ரெய்னர் டாக்டர் ஆக வேண்டியதில்லை. நோயைக் கண்டுபிடிப்பது அவர் வேலையும் அல்ல. "சார், ஒரு கிரியாட்டினின், ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்வது மட்டும் அவர் வேலை. அவர் சொல்லாவிட்டால் நீங்களே எடுத்துவிடுங்கள். லோடிங் இல்லாமல் தினமும் எடுத்தால் தசை நிறைய மூன்று நான்கு வாரம் ஆகும். ரிப்போர்ட் மறுநாளே கைக்கு வந்துவிடும்.